தையல் கடையின் 'எங்களைப் பற்றி' பக்கம்: உலகத் தரம் வேண்டாம், எங்கள் கதையை எப்படி எழுதுவது?

யாழினி_ஜெலுத்தோங்

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் குடும்பத் தையல் கடை இருக்கிறது. தாத்தா தொடங்கிய கடை. இப்போது அப்பா துணி வெட்டுகிறார், ஆண்களுக்கான சட்டை, கால்சட்டை தைக்கிறார். அம்மா ரவிக்கையும் பஞ்சாபி உடையும் பார்த்துக்கொள்கிறார். கணக்கும் இணையமும் என் பொறுப்பு.

கடைக்கு இணையதளம் போட்டபோது 'எங்களைப் பற்றி' பக்கத்தை வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே கீழே போடுகிறேன்.

"வாடிக்கையாளர் திருப்தியே எமது தலையாய நோக்கம். பாரம்பரியத் திறனையும் நவீனத் தொழில்நுட்பத்தையும் ஒருங்கிணைத்து, உலகத் தரம் வாய்ந்த தையல் தீர்வுகளை வழங்குவதில் நாங்கள் உறுதியாக உள்ளோம். அர்ப்பணிப்பு, நேர்மை, புத்தாக்கம் ஆகியவையே எமது அடித்தளம். இந்த வட்டாரத்தின் முன்னணி ஆடை வடிவமைப்பு நிறுவனமாகத் திகழ்வதே எமது தொலைநோக்கு."

இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ரவிக்கை தைப்பீங்களா?" என்றுதான். தைப்பதுதான் எங்கள் தொழில், அந்தச் சொல்லே பக்கத்தில் இல்லை. தீபாவளிக்கு முன் இதை மாற்றி எழுதவேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பழைய_உதவி_ஆசிரியர்

தங்கச்சி, நான் செந்தூலில் இருக்கிறேன். பத்திரிகையில் கடைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன், பிறர் எழுதியதைத் திருத்தியும் இருக்கிறேன். ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் போட்ட வரிகளில் உங்கள் கடைப் பெயர் வரும் இடத்தில் அடுத்த தெரு கைப்பேசிக் கடையின் பெயரை வைத்துப் படியுங்கள். 'தையல்', 'ஆடை' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டால் எல்லாமே அந்தக் கடைக்கும் பொருந்தும். அப்படி எந்தக் கடைக்கும் பொருந்துகிற வரியை எடுத்துவிடலாம். யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து "உங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் அப்படிக் கேட்டால் விழாவில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள். "கடவுள் புண்ணியம், கஷ்டப்பட்டு வந்தோம்" என்பதோடு முடிந்துவிடும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கையில் இருக்கும் பொருளைப் பார்த்துக் கேளுங்கள். இந்தக் கத்தரி யாருடையது? இங்கே ஏன் இவ்வளவு துணியை உள்ளே விடுகிறீர்கள்? அளவு நோட்டுகளில் பழையது எது? எந்த வேலை வந்தால் திருப்பி அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு கடை எதைச் செய்ய மறுக்கிறது என்பதில் அதன் குணம் தெரியும்.

குமார்_கிள்ளான்

ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோக்கம், தொலைநோக்கு இரண்டும் இல்லாவிட்டால் வங்கியில் கடன் வாங்கும்போதும் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் சிரமப்படுவீர்கள். நான் சிறுதொழில் கணக்குகள் பார்க்கிறேன். விண்ணப்பத்தோடு நிறுவன விவரம் கேட்பார்கள். கதையைப் படிக்க அவர்களுக்கு நேரம் இல்லை. இருப்பதை எடுத்துவிட்டுப் பிறகு திண்டாடவேண்டாம்.

பழைய_உதவி_ஆசிரியர்

குமார் தம்பி, நிறுவன விவரம் கேட்பார்கள் என்பது உண்மைதான். அது விண்ணப்பத்தோடு இணைக்கிற தனித் தாள். பதிவு எண், உரிமையாளர், வேலையாட்கள், ஆண்டு விற்பனை, என்ன இயந்திரம் வாங்கப் போகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும், தொலைநோக்கும் அங்கேயே இருக்கட்டும். ரவிக்கைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போகலாம் என்று பார்க்கிற அம்மாவுக்கு அந்தத் தாள் எதற்கு? இரண்டு வாசகர்களுக்கும் சேர்த்து ஒரே பக்கம் எழுதினால் இருவருக்குமே பயன்படாது.

சரசு_சுங்கைப்பட்டாணி

யாழினி, உங்கள் கடையில் பட்டு ரவிக்கைக்கு லைனிங்கோடு என்ன கூலி? தீபாவளிக்குள் கிடைக்குமா? போன வருடம் இங்கே ஒரு கடையில் கொடுத்தேன். கைக்குழி இறுக்கி, கையைத் தூக்கவே முடியவில்லை. உள்ளே பிரித்து விட்டுத் தாருங்கள் என்றால் "துணி இல்லைம்மா" என்றார்கள். நான்தான் ஒரு மீட்டர் கொடுத்தேனே, எங்கே போனது?

யாழினி_ஜெலுத்தோங்

சரசு அக்கா, கூலி விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இங்கே நான் கேட்டது பக்கம் எழுதுவதைப் பற்றி. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விதான் எனக்கு வழி காட்டியது. ஐயா சொன்ன மாதிரி அம்மா பக்கத்தில் நின்று அதையே கேட்டேன்.

அம்மா ரவிக்கையின் பக்கத் தையலில் மூன்று வரிசை ஓட்டுகிறார். முதல் வரிசை உடம்பை ஒட்டி வரும். கால் அங்குலம் தள்ளி இரண்டாவது, இன்னொரு கால் அங்குலம் தள்ளி மூன்றாவது. அதற்கும் அப்பால் துணி கொஞ்சம் கிடக்கும். எல்லாம் சேர்த்து உள்ளே ஒன்றரை அங்குலம். உடம்பு கொஞ்சம் பூசினால் முதல் வரிசையைப் பிரித்தாலே போதும். முன்பக்கம் கால், பின்பக்கம் கால், இப்படி இரண்டு பக்கத்திலும் விடுவதால் சுற்றளவில் ஒரு அங்குலம் கூடிவிடும். வீட்டில் ஊசிமுனையால் அவர்களே பிரித்துக்கொள்ளலாம், கடைக்கு வரவேண்டியதில்லை.

இதைத் தாத்தா அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார். "பட்டு வாங்குற காசு அவங்களுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், ரவிக்கை பத்து வருஷம் உடம்போட வளரணும்" என்பாராம். இத்தனை காலம் இந்தக் கடையில் இருந்தும் இதை நான் கேட்டதே இல்லை. இது பக்கத்தில் வரவேண்டும் என்று தோன்றுகிறது. சரியா?

கத்தரி_பிரிக்பீல்ட்ஸ்

நானும் தையல்காரன்தான். நல்ல விஷயம், எழுதுங்கள். ஆனால் அப்படியே எழுதினால் நாளைக்கு ஒருவர் வந்து சண்டை போடுவார். இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

பட்டில் பழைய தையலைப் பிரித்தால் ஊசித் துளை தெரியும். வெளியில் இருந்த துணி வெளிறியிருக்கும், உள்ளே இருந்தது புது நிறத்தில் ஒரு கோடாகத் தெரியும். கைக்குக் கீழே என்பதால் பெரும்பாலும் மறைந்துவிடும், ஆனால் அடர்ந்த நிறத்தில் மறையாது. பருத்தியில் துவைத்தால் துளை மூடிக்கொள்ளும்.

இன்னொன்று, கையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது. துணி விரிந்து கிடக்கும்போதே கையைத் தோளில் சேர்த்துவிட்டு, பிறகு கையின் அடிப்பக்கமும் உடம்பின் பக்கமும் ஒரே ஓட்டத்தில் தைத்தால் ஒரே வரிசையைப் பிரித்து விடலாம். பக்கத்தை மூடிவிட்டு கையைத் தனியாகச் சுற்றி வைத்தால் முதலில் கையைக் கழற்றவேண்டும், வீட்டில் முடியாது. சரசு அக்காவுடைய ரவிக்கை இப்படித்தான் இருந்திருக்கும். அதோடு லைனிங்கிலும் அதே அளவு விட்டிருக்க வேண்டும். மேல்துணியில் விட்டு லைனிங்கை ஒட்ட வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சம் பிடிப்பது அங்கேதான்.

உங்கள் அம்மா எப்படி வைக்கிறார் என்று கேளுங்கள்.

யாழினி_ஜெலுத்தோங்

கேட்டேன் அண்ணா. ஒரே ஓட்டம்தான், லைனிங்கிலும் அதே ஒன்றரை அங்குலம். ஆனால் புட்டா நெருக்கமாக உள்ள பட்டுக்கு மட்டும் கையைத் தனியாக வைப்பதாகச் சொன்னார். அதையும் எழுதிவிடலாமா?

கத்தரி_பிரிக்பீல்ட்ஸ்

பக்கத்தில் வேண்டாம். துணி வாங்கும்போது வாயால் சொன்னால் போதும். "பட்டில் பழைய தையல் தடம் கொஞ்சம் தெரியும்" என்ற வரி மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

தேவா_ஈப்போ

எங்கள் கதையும் இதுதான். எங்களுக்கு மசாலா அரைக்கும் மில். "தூய்மை எங்கள் உயிர்மூச்சு" என்று போட்டிருந்தோம். அதை எடுத்துவிட்டு, மிளகாய் அரைத்த பிறகு கல்லில் அரிசியை ஓட்டித் துடைத்த பின்தான் மஞ்சள் போடுவோம், அதனால் மஞ்சளுக்குத் தனி நாள் என்று எழுதினோம். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எந்த நாளில் எதைக் கொண்டுவரவேண்டும் என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள். கூட்டம் கூடியதா என்று கேட்டால் தெரியாது. காத்திருப்பவர்களோடு வாக்குவாதம் குறைந்தது.

பழைய_உதவி_ஆசிரியர்

நன்றாகப் போகிறது. இனி வருடத்துக்கு வருவோம். குடும்பக் கதையில் அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் அதுதான். யாழினி, தாத்தா எப்போது வந்தார், கடை எப்போது தொடங்கியது என்று வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

யாழினி_ஜெலுத்தோங்

"தாத்தா 1958இல் ரஜூலா கப்பலில் வந்து அதே வருடம் கடை போட்டார்" என்பதுதான் நான் கேட்டு வளர்ந்தது. பதிவுச் சான்றிதழில் 1964 என்று இருக்கிறது.

பழைய_உதவி_ஆசிரியர்

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ரஜூலா 1926இலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். அதனால் கப்பல் பெயர் பொருந்தும். ஆனால் அந்தக் காலத்தில் வேறு கப்பல்களும் ஓடின. எல்லார் வீட்டிலும் ரஜூலா என்றுதான் சொல்வார்கள். சான்று இல்லாவிட்டால் "கப்பலில் வந்தார்" என்றே விடுங்கள்.

வருடம்தான் இடிக்கிறது. 1953 ஆகஸ்டிலிருந்து மலாயாவில் குடிநுழைவுச் சட்டம் இறுகிவிட்டது. அதற்குப் பிறகு வேலை தேடிப் புதிதாக ஒருவர் வந்து இறங்குவது எளிதல்ல. ஏற்கெனவே இங்கே இருந்து ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள், குடும்பத்தோடு சேர வந்தவர்கள், இவர்களுக்கு வழி இருந்தது. அதனால் தாத்தா முன்பே ஒருமுறை வந்திருக்கலாம். பழைய பாஸ்போர்ட் இருந்தால் முத்திரைகளைப் பாருங்கள்.

பதிவுச் சான்றிதழ் பதிந்த தேதியைத்தான் சொல்லும், தொடங்கிய தேதியை அல்ல. கடைவரிசைக்கு முன்னால் உள்ள காக்கி லீமா நடைபாதையில் ஒரு இயந்திரத்தைப் போட்டு உட்கார்ந்து, பல வருடம் கழித்துப் பதிந்தவர்கள் எத்தனையோ பேர்.

யாழினி_ஜெலுத்தோங்

ஐயா, அத்தை வீட்டு அலமாரியில் பாஸ்போர்ட் கிடைத்தது! முதல் முத்திரை 1951, பினாங்கு. 1957இல் ஊருக்குப் போயிருக்கிறார், 1958இல் திரும்பியிருக்கிறார். நடுவில் நடந்தது கல்யாணம். ஆக எங்கள் வீட்டில் சொல்லும் 1958 இரண்டாவது தடவை வந்த வருடம். முதல் ஏழு ஆண்டு வேறொருவர் கடையில் காஜா எடுக்கும் பையனாகவும் பிறகு தையல்காரராகவும் இருந்திருக்கிறார். அப்பாவுக்கே இது புதுச் செய்தி.

அளவு நோட்டுகளில் பழையது 1961. பாதி ஜாவி எழுத்தில், பாதி தமிழில். அப்போது எங்கள் கடைக்கு மலாய்க்காரர்கள் பாஜு மலாயு தைக்க வருவார்களாம், அளவைச் சரிபார்த்து எழுத ஒரு மலாய் இளைஞர் இருந்தாராம். நோட்டைப் படம் எடுத்துப் பக்கத்தில் போடலாம் என்று இருக்கிறேன்.

குமார்_கிள்ளான்

படம் போடுவதில் ஒரு எச்சரிக்கை. நோட்டில் பெயரும் உடம்பு அளவும் ஒன்றாக இருக்கும். பழையது என்றாலும் அந்தக் குடும்பங்கள் ஜெலுத்தோங்கில் இன்னும் இருக்கலாம். பெயர் தெரியாத பக்கத்தை எடுங்கள், இல்லாவிட்டால் அட்டையை மட்டும் எடுங்கள்.

பழைய_உதவி_ஆசிரியர்

குமார் சொல்வதை அப்படியே கேளுங்கள். அட்டை போதும்.

யாழினி_ஜெலுத்தோங்

சரி, அட்டைதான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடை முதலில் லெபோ பாசார் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. ஜார்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோதுதான் நாங்கள் ஜெலுத்தோங்குக்கு வந்தோம். அதே நேரத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தார்கள். சித்தப்பா ஆண்கள் வாடிக்கையில் பாதியை எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த்தில் தனிக்கடை வைத்தார். அப்பா அதை எழுதாதே என்கிறார். எழுதாவிட்டால், "உங்கள் கடை இரண்டு இடத்தில் இருக்கிறதா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்காது. என்ன செய்வது?

தேவா_ஈப்போ

எழுதுங்கள். மறைத்தால் இரண்டு கடையும் ஒன்று என்று நினைத்து வந்து ஏமாறுவார்கள்.

கத்தரி_பிரிக்பீல்ட்ஸ்

குடும்பச் சண்டையைச் சுவரில் ஒட்டவேண்டாம். சித்தப்பா பிள்ளைகளும் அதைப் படிப்பார்கள்.

பழைய_உதவி_ஆசிரியர்

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சண்டை வேறு, பிரிந்தது என்ற தகவல் வேறு. வாடகையை மட்டும் தெளிவாக எழுதுங்கள், ஏனென்றால் அது உங்கள் ஒரு கடையின் கதை மட்டுமல்ல. கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது, அவகாசம் 1999 கடைசி வரை இருந்தது. 2000 ஜனவரியிலிருந்து உரிமையாளர் கேட்பதுதான் வாடகை. சந்துகளில் இருந்த தையல்காரர், பொற்கொல்லர், பெட்டிக்கடைக்காரர் என்று பலர் அப்போது வெளியேறினார்கள். சித்தப்பாவைப் பற்றி ஒரு வரி போதும்: "பட்டர்வொர்த்தில் உள்ள கடை எங்கள் சித்தப்பாவுடையது, அது தனிக்கடை." அதையும் போடுவதற்கு முன் சித்தப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாழினி_ஜெலுத்தோங்

இதுவரை எழுதியது கீழே. தயங்காமல் வெட்டுங்கள்.

"நாங்கள் ரவிக்கை, பஞ்சாபி உடை, பாஜு மலாயு, ஆண்களுக்கான சட்டை, கால்சட்டை தைக்கிறோம். பள்ளிச் சீருடை தைப்பதில்லை. ஆயத்த உடையைச் சிறிதாக்கித் தருவோம், பெரிதாக்குவது துணியைப் பொறுத்தது. துணியைப் பார்த்த பிறகுதான் சொல்வோம்.

எங்கள் தாத்தா 1951இல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்தார். ஏழு ஆண்டு வேறொருவர் கடையில் காஜா எடுத்து, தையல் கற்று, பிறகு லெபோ பாசார் பக்கத்தில் தன் கடையைத் திறந்தார். எங்களிடம் இருக்கும் பழைய அளவு நோட்டு 1961ஆம் ஆண்டினுடையது. 2000இல் வாடகை மூன்று மடங்குக்கு மேல் ஏறியபோது ஜெலுத்தோங்குக்கு வந்தோம்.

இப்போது அப்பா வெட்டுகிறார், அம்மா தைக்கிறார். அம்மா தைக்கும் ரவிக்கையில் பக்கத் தையல் மூன்று வரிசை இருக்கும். இறுக்கமானால் உடம்பை ஒட்டியிருக்கும் முதல் வரிசையைப் பிரித்தால் சுற்றளவில் ஒரு அங்குலம் கிடைக்கும். பட்டில் பழைய தையல் தடம் கொஞ்சம் தெரியும். இதைத் தாத்தா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

தீபாவளிக்கு முந்திய மூன்று வாரத்தில் புதிய ரவிக்கை தைக்க வாங்குவதில்லை. வாங்கினால் அளவு பார்க்க நேரம் இருக்காது."

கத்தரி_பிரிக்பீல்ட்ஸ்

தைத்துக் கொடுத்த பிறகு ஒருமுறை போட்டுப் பார்க்க வரச் சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் பக்கம் முழுமையாகாது.

குமார்_கிள்ளான்

நான் முதலில் சொன்னதைவிட இது நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். மானியத்துக்கான தாளைத் தனியாக எழுத நான் உதவுகிறேன். ஆனால் மூன்று வாரம் என்று கட்டிப்போட்டால் வருமானத்தைக் கைவிடுகிறீர்கள். "கேட்டுப் பாருங்கள்" என்று எழுதினால் போதாதா?

யாழினி_ஜெலுத்தோங்

குமார் அண்ணா, கேட்டுப் பாருங்கள் என்று எழுதினால் எல்லாரும் கேட்பார்கள், அம்மாவால் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. போன வருடம் தீபாவளிக்கு முதல் நாள் இரவு இரண்டு மணிவரை கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் அப்படியே இருக்கட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணா சொன்ன அளவு பார்க்கும் வரியைச் சேர்த்துவிட்டேன். "தைத்த உடையை வாங்க வரும்போது கடையிலேயே போட்டுப் பாருங்கள். திருத்தம் இருந்தால் கூலி இல்லை."

பழைய_உதவி_ஆசிரியர்

ஒரே ஒரு திருத்தம். "ஏழு ஆண்டு வேறொருவர் கடையில்" என்றால் கடை 1958இல் தொடங்கியது என்று ஆகிவிடும். அதற்குச் சான்று இருக்கிறதா? முத்திரை திரும்பி வந்ததைத்தான் காட்டுகிறது.

யாழினி_ஜெலுத்தோங்

சான்று இல்லை ஐயா. அத்தை 1958 என்கிறார். அம்மா, தாத்தா சொல்லி 1961 என்கிறார், முதல் நோட்டும் அந்த வருடத்தினுடையதுதான். அப்பா இரண்டுக்கும் தலையாட்டுகிறார். இப்போதைக்கு "சில ஆண்டுகள் வேறொருவர் கடையில்" என்று மாற்றிவிட்டேன். சித்தப்பாவிடமும் பேசினேன். அவருடைய வரியைப் போடலாம் என்றார், அதோடு 1961க்கு முந்தைய நோட்டு ஒன்று பட்டர்வொர்த்தில் இருப்பதாகவும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஃபெரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

சரசு_சுங்கைப்பட்டாணி

யாழினி, தனிச்செய்தி கிடைத்தது. மூன்று வாரக் கணக்கு தெரிந்துவிட்டதால் அடுத்த வாரமே துணியோடு வருகிறேன். நீலப்பட்டு, புட்டா நெருக்கமானது. அம்மாவிடம் சொல்லி வைங்கள்.